அண்டை வீட்டாரிடம் ஒரு வேண்டுகோள்



பள்ளியில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் தமிழ் கற்பித்தவன் நான். கட்டுரைப் பயிற்சியில் கடிதம் எழுதுதல் என்பது ஒரு பகுதி. தெருவிளக்கு எரியவில்லை என்று நகராட்சி ஆணையருக்கு ஒரு விண்ணப்பம். பேருந்து வசதி வேண்டி மாவட்ட ஆட்சியருக்கு ஒரு விண்ணப்பம். விடுப்பு வேண்டி வகுப்பாசிரியருக்கு ஒரு கடிதம். இவற்றையெல்லாம் மாணவர்களைக் கொண்டு எத்தனையோ முறை எழுதுவித்திருக்கிறேன். ஆனால், "உன் பக்கத்து வீட்டுக்காரருக்கு ஒரு வேண்டுகோள் எழுது" என்று ஒரு நாளேனும் சொன்னதில்லை. பணியிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, அத்தகைய வேண்டுகோள் ஒன்றை நானே விடுக்க நேர்ந்தது. அப்போதுதான் நான் கற்பிக்காமல் விட்ட பாடம் எத்தனை கடினமானது என்பதை உணர்ந்தேன்.

ஆணையருக்கு எழுதும் விண்ணப்பம் தவறிப் போனால் நமக்கு விளக்கு எரியாது, அவ்வளவுதான். அண்டை வீட்டாரிடம் பேசும் பேச்சு தவறிப் போனாலோ, நாளைக் காலையில் வாசல் தெளிக்கும்போது அவர் முகத்தில் நாம் விழிக்க வேண்டும். நம் முகத்தில் அவரும் விழிக்க வேண்டும். கேட்ட பொருள் கிடைக்க வேண்டும். இருந்த உறவும் கெடக்கூடாது. இரண்டும் ஒருங்கே வேண்டும் என்பதுதான் இதிலுள்ள இடர்ப்பாடு.

நடந்ததைச் சொல்லுகிறேன். தஞ்சாவூரின் பழைய தெரு ஒன்றில் எங்கள் வீடு இருக்கிறது. அடுத்தடுத்து ஒட்டிய வீடுகள். இரு வீட்டுக்கும் ஒரே சுவர். சில ஆண்டுகளுக்கு முன் அடுத்த வீட்டின் கீழ்த்தளத்தை ஒருவர் வாடகைக்கு எடுத்து, இட்லி, தோசைக்கு மாவு அரைத்துக் கடைகளுக்கு அனுப்பும் தொழிலைத் தொடங்கினார். நாற்பது வயதுக்குள் இருப்பார், உழைப்பாளி. விடியற்காலை நான்கு மணிக்கு அவருடைய பெரிய கிரைண்டர் சுழலத் தொடங்கும். ஐந்து மணிக்கு ஒரு சிறிய சரக்கு வண்டி வந்து நிற்கும். மாவுப் பைகளை அடுக்கிய பெட்டிகளை அதில் ஏற்றுவார்கள். அந்த வண்டி நின்ற இடம் எங்கள் வீட்டு வாசல்.

என் மனைவிக்குச் சிறுநீரகக் கோளாறு. செவ்வாய், வெள்ளி ஆகிய இரு நாள்களிலும் காலை ஆறு மணிக்கு மருத்துவமனையில் டயாலிசிஸ் என்னும் குருதிச் சுத்திகரிப்புச் சிகிச்சை நடைபெறும். ஒரு முறைக்கு ஏறத்தாழ நான்கு மணி நேரம் ஆகும். அந்த இயந்திரத்துக்கு அடுத்த நோயாளி ஒருவர் காத்துக் கொண்டிருப்பார். நாம் பிந்திச் சென்றால் அவரைக் காக்க வைக்க முடியாது. நம்முடைய நேரத்தைத்தான் குறைப்பார்கள். ஒரு வெள்ளிக்கிழமை அப்படித்தான் ஆயிற்று. வாடகைக் கார் வாசலுக்கு வர வழியில்லாமல் தெருமுனையில் நின்றது. சாக்கடை ஓரமாக அவளைக் கைத்தாங்கலாக நடத்திச் செல்வதற்குள் நேரம் கடந்துவிட்டது. அன்று அவளுக்குக் கிடைத்த சிகிச்சையில் இருபத்தைந்து நிமிடம் குறைந்தது.

அடுத்த செவ்வாய்க்கிழமை விடியற்காலையில் வண்டி வழக்கம் போல் நின்றது. நான் வெளியே வந்தேன். அடுத்த வீட்டுக்காரர் தம் ஆட்கள் இருவரோடு பெட்டிகளை ஏற்றிக்கொண்டிருந்தார். "உங்கள் வண்டி எப்போதும் எங்கள் வாசலை மறித்துக்கொண்டே நிற்கிறதே, இது முறையா?" என்று கேட்டேன். குரலை உயர்த்தவில்லை, மரியாதைப் பன்மையில்தான் பேசினேன். ஆயினும் அவர் முகம் மாறியது. தம் ஆட்களை ஒரு முறை பார்த்துவிட்டு, "பொதுத் தெருதானே, சார்" என்றார். அன்று வண்டி நகர்ந்தது. ஆனால் வெள்ளிக்கிழமை மறுபடியும் அதே இடத்தில் நின்றது. வழக்கமாக என்னைக் கண்டால் "வணக்கம், ஐயா" என்பவர், அந்த வாரம் முழுவதும் என்னைக் காணாதவர் போலவே இருந்தார்.

வாத்தியார் புத்தி எளிதில் போகாது அன்றோ? மாணவனின் விடைத்தாளைத் திருத்துவது போல, நான் சொன்ன அந்த ஒரு வாக்கியத்தை எடுத்து வைத்துக்கொண்டு திருத்தத் தொடங்கினேன். நான்கு பிழைகள் கண்டேன்.

முதற்பிழை, 'எப்போதும்' என்ற சொல். அது பொய். அடுத்த ஒரு வாரம் கடிகாரத்தைப் பார்த்துக் குறித்து வைத்தேன். வண்டி ஐந்து மணியளவில் வந்து, ஐந்தே முக்காலுக்குப் போய்விடுகிறது. எங்களுக்கு வாசல் திறந்திருக்க வேண்டிய நேரமோ, வாரத்தில் இரண்டு நாள், காலை 5.20 முதல் 5.40 வரை. ஆக, ஒரு வாரத்தில் எனக்குத் தேவை 40 நிமிடம்! அந்த 40 நிமிடத்துக்காக நான் ஒரு மனிதரை 'எப்போதும்' குற்றம் செய்பவராக்கினேன். மிகைப்படுத்திக் கூறும் சொல்லைக் கேட்பவர் உடனே அதை மறுக்கத்தான் முயல்வார். நம் துன்பத்தை நினைக்க அவருக்கு இடமிராது.

இரண்டாம் பிழை, 'முறையா' என்ற வினா. அது வினாவின் வடிவில் வந்த தீர்ப்பு. அதற்கு விடையாக அவர் 'முறையன்று' என்று தம்மைத் தாமே குற்றவாளியாக்கிக்கொள்ள வேண்டும். அல்லது 'பொதுத் தெருதானே' என்று எதிர்வாதம் செய்ய வேண்டும். மூன்றாவது வழியை நான் அவருக்கு விட்டு வைக்கவில்லை.

மூன்றாம் பிழை, நேரமும் இடமும். வேலை உச்சத்தில் இருக்கும் நேரத்தில், கூலி கொடுக்கும் ஆட்களின் கண் முன்னே கேட்டேன். தனியே இருந்தால் இறங்கி வரக்கூடிய மனிதரும் தம் ஆட்கள் முன்னிலையில் இறங்கி வரமாட்டார்.

நான்காம் பிழைதான் பெரியது. அந்த வாக்கியத்தில் வேண்டுகோளே இல்லை. வண்டியை எங்கே நிறுத்த வேண்டும், எந்த நாளில், எத்தனை நேரம், ஏன் என்பவற்றுள் ஒன்றையும் நான் சொல்லவில்லை. அவர் எனக்கு உதவ விரும்பியிருந்தாலும், என்ன செய்ய வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திராது.

இவ்விடத்தில் நம் இலக்கணம் சொல்லும் செய்தி ஒன்றை நினைத்துப் பார்க்கலாம். ஈ, தா, கொடு என்னும் மூன்றும் ஒன்றைக் கேட்கும்போது வழங்கும் சொற்கள். தாழ்ந்தவன் உயர்ந்தவனிடம் கேட்கும்போது 'ஈ' என்பான். ஒப்பானவன் 'தா' என்பான். உயர்ந்தவன் 'கொடு' என்பான் என்று தொல்காப்பியர் சொல்லதிகாரத்தில் வகுத்தார். இன்று இவ்வேறுபாடு வழக்கில் இல்லை. எனினும் அதன் உட்கருத்து வாழ்கிறது: கேட்கும் சொல்லிலேயே, கேட்பவன் தன்னை எந்த இடத்தில் வைத்துக்கொள்கிறான் என்பது வெளிப்பட்டுவிடும். அண்டை வீட்டார் நமக்கு உயர்ந்தவரும் அல்லர், தாழ்ந்தவரும் அல்லர். 'கொடு' என்று அதட்டுவது எப்படிப் பொருந்தாதோ, அப்படியே 'ஈ' என்று குழைவதும் பொருந்தாது. "ஏதோ, நேரம் கிடைத்தால் பாருங்கள், இல்லாவிட்டாலும் பரவாயில்லை" என்று குழைந்து கேட்டால், கேட்பவர் 'பரவாயில்லை' என்பதை மட்டும் காதில் வாங்கிக்கொள்வார். ஒப்பானவர் ஒப்பானவரிடம் கேட்கும் 'தா' என்னும் நடுநிலையே இங்கு வேண்டுவது.

வியங்கோள் வினைமுற்று வாழ்த்தல், வைதல், விதித்தல், வேண்டல் என்னும் நான்கு பொருளிலும் வரும் என்று நீங்கள் படித்திருப்பீர்கள். 'வாழ்க' என்பதிலும் 'ஒழிக' என்பதிலும் விகுதி ஒன்றே. பொருள் எவ்வளவு தூரம்! ஆதலால், 'தயவு செய்து' என்று முன்னே சேர்த்துவிட்டால் மட்டும் வேண்டுகோள் ஆகிவிடாது. "தயவு செய்து வண்டியை எடுக்கிறீர்களா?" என்பதைச் சொல்லும் முறையில் சொன்னால் அது வைதலாகவே ஒலிக்கும். சொல்லப்படும் செய்தியே இனிமையுடையதாக அமைய வேண்டும்.

நான் மறுமுறை ஆயத்தம் செய்தேன். முதலில் நேரத்தைத் தெரிந்துகொண்டேன். பிற்பகல் மூன்று மணிக்கு மேல் அவர் தனியே அமர்ந்து கணக்குப் பார்ப்பது வழக்கம், அரிசி ஊறிக் கொண்டிருக்கும், ஆட்கள் இரார். பிறகு, நான் கேட்க வேண்டியது என்ன என்பதை ஒரு வாக்கியமாகச் சுருக்கிக்கொண்டேன். வண்டி நிற்கக்கூடிய மாற்றிடம் ஒன்றையும் பார்த்து வைத்தேன். எங்கள் வாசலைத் தாண்டிப் பத்தடி தள்ளி ஒரு மின்கம்பம் இருக்கிறது. அதன் அருகில் யாருடைய வாசலும் இல்லை. வெறுங்கையோடு குறை சொல்லப் போவதைவிட, வழி ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு போவது நல்லது.

திங்கட்கிழமை பிற்பகல் சென்றேன். "தம்பி, உட்காரலாமா?" என்றேன். சற்றுத் தயங்கி, நாற்காலியை நகர்த்திப் போட்டார். நான் சொன்னது இதுதான்:

"தம்பி, அன்றைக்குக் காலையில் உங்கள் ஆட்கள் முன்னால் நான் அப்படிப் பேசியிருக்கக்கூடாது. அதைச் சொல்லத்தான் முதலில் வந்தேன். வீட்டில் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை. செவ்வாயும் வெள்ளியும் ஆறு மணிக்கு டயாலிசிஸ். ஐந்தரைக்குக் கார் வாசலில் நின்றால்தான் ஏற்ற முடிகிறது. அவளால் தெருமுனை வரை நடக்க முடியவில்லை. அந்த இரண்டு நாள் மட்டும், ஐந்து இருபதிலிருந்து ஐந்து நாற்பது வரை, நம்ம வண்டியைக் கொஞ்சம் முன்னே தள்ளி, மின்கம்பத்தின் பக்கம் நிறுத்தினால் பெரிய உதவியாக இருக்கும். உங்களுக்குத் தோதுப்படுமா, பாருங்கள்."

இந்தப் பேச்சில் சில நுணுக்கங்கள் இருக்கின்றன. அவற்றைப் பிரித்துக் காட்டுகிறேன். என் பிழையை முதலில் ஒப்புக்கொண்டேன். அதனால் அவர் தம்மைக் காத்துக்கொள்ள வேண்டிய தேவை நீங்கியது. காரணத்தைச் சொன்னேன்; ஆனால் 'உங்களால் சிகிச்சை குறைந்தது' என்று பழியைச் சேர்க்கவில்லை. நாளும் நேரமும் இடமும் சொன்னேன். ஆதலின் 'செய்கிறேன்' என்று அவர் சொன்னால், எதைச் செய்யப் போகிறார் என்பதில் இருவருக்கும் ஐயம் இராது. 'நீங்கள் நிறுத்துகிறீர்கள்' என்று அவரை எழுவாயாக்காமல், வண்டியை நிறுத்தும் இடத்தைப் பற்றியே பேசினேன். 'உங்கள் வண்டி' என்பதற்கு மாறாக 'நம்ம வண்டி' என்றேன். கேட்பவரையும் உள்ளடக்கும் 'நாம்' என்பதும், அவரை விலக்கும் 'நாங்கள்' என்பதும் தமிழில் வேறு வேறாக இருப்பது இத்தகைய இடங்களில் நமக்குப் பெரிய வாய்ப்பு. அடுத்தவர் பொருளை 'நம்ம' என்று சொல்லுவது நம் ஊர்களில் உரிமையும் மரியாதையும் கலந்த வழக்கு. இறுதியாக, 'தோதுப்படுமா' என்று கேட்டேன். அது மறுப்பதற்கும் இடம் தரும் வினா. மறுக்க இடம் இருந்தால்தான் அது வேண்டுகோள்; இல்லையேல் அது ஆணை.

அவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "எனக்குத் தெரியவே தெரியாது, ஐயா. காலையில் கோயிலுக்குத்தான் கார் வைத்துப் போகிறீர்கள் என்று நினைத்திருந்தேன்" என்றார். மாணவர்களே, இதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். பல மாதங்களாகச் சுவருக்கு அப்பால் வாழும் ஒருவருக்கு எங்கள் துன்பம் தெரிந்திருக்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை. தெரிந்தே செய்கிறார் என்று நான் எண்ணிக்கொண்டிருந்ததெல்லாம், தெரியாமல் செய்தவை.

அவர் பக்கத்துச் செய்தியும் அன்றுதான் எனக்குத் தெரிந்தது. அவர் வாசலுக்கு நேரே பாதாளச் சாக்கடையின் மூடி உடைந்து கிடந்தது. பாரம் ஏற்றிய வண்டியின் சக்கரம் அதில் இறங்கிவிடும் என்று அஞ்சித்தான் ஓட்டுநர் எங்கள் வாசலில் நிறுத்தி வந்தார். மின்கம்பத்தின் பக்கம் நிறுத்தினால் பெட்டிகளைக் கூடுதலாகப் பத்தடி சுமக்க வேண்டும். "வாரத்தில் இரண்டு நாள்தானே, சுமக்கலாம்" என்றார். நாள்தோறும் வேண்டும் என்று நான் கேட்டிருந்தால் இந்த விடை வந்திருக்குமா என்பது ஐயமே. தேவைக்கு மேல் ஒரு நிமிடமும் கேளாமைதான் கேட்டது கிடைப்பதற்கு வழி.

மறுநாள் செவ்வாய்க்கிழமை. வண்டி கம்பத்தின் அருகில் நின்றது. அன்று மாலையே அவரிடம் சென்று, "இன்றைக்கு ஆறு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போதே போய்ச் சேர்ந்துவிட்டோம், தம்பி" என்று சொன்னேன். நன்றி என்ற சொல்லைவிட, அவர் செய்த செயலால் என்ன விளைந்தது என்று சொல்லுவது மேலானது.

மூன்றாம் வாரம் வெள்ளிக்கிழமை, வண்டி மறுபடியும் எங்கள் வாசலில் நின்றது! முதலில் நெஞ்சில் எழுந்தது பழைய சினம்தான். ஆனால் பார்த்தால், ஓட்டுநர் புதியவர். அவருக்கு யாரும் சொல்லவில்லை. "தம்பி, இன்றைக்கு வெள்ளிக்கிழமை, வண்டி கம்பத்துப் பக்கம் நிற்க வேண்டும்" என்று மட்டும் சொன்னேன். இரண்டு நிமிடத்தில் நகர்ந்தது. ஒருமுறை ஒப்புக்கொண்டதை நினைவூட்டும்போது, பழைய கதையை முதலிலிருந்து சொல்லுதல் கூடாது. மறதி என்றே கொண்டு, சுருக்கமாகச் சொல்ல வேண்டும். மறதி அன்று என்று தெரிந்தால் அப்போது பார்த்துக்கொள்ளலாம்.

இனி, ஒலியைப் பற்றிச் சொல்லுகிறேன். கிரைண்டரின் ஓசையும் எங்களுக்குத் துன்பம்தான். என் மனைவியின் கட்டில் அந்தப் பொதுச் சுவரை ஒட்டியிருந்தது. நான்கு மணிக்கு மேல் அவளுக்கு உறக்கம் இல்லை. ஆயினும் வாசலைப் பற்றிப் பேசிய அன்று நான் ஒலியைப் பற்றி வாய் திறக்கவில்லை. இரண்டு குறைகளைச் சேர்த்துச் சொன்னால் அது வேண்டுகோளாக இராது, குற்றப்பத்திரிகை ஆகிவிடும். ஒரு மாதம் கழித்துத்தான் அதை எடுத்தேன்.

வாசல் மறிப்பைவிட ஒலியைப் பற்றிக் கேட்பது கடினம். மறித்து நிற்கும் வண்டியை அவரும் கண்ணால் காண்கிறார். ஒலியோ, நம் அறையில் எப்படிக் கேட்கிறது என்பது அவருக்குத் தெரிய வழியில்லை. தம் இயந்திரத்தின் அருகில் நிற்பவருக்கு அது பழகிப்போன ஓசை. ஆகவே நான் விளக்கவில்லை, அழைத்தேன். ஒரு மாலை அவருடைய ஆள் கிரைண்டரை ஓடவிட்டிருந்தபோது, "தம்பி, ஒரு நிமிடம் நம் வீட்டுக்கு வந்து பாருங்கள்" என்று கூப்பிட்டேன். வந்தவர் கட்டிலருகே நின்றார். சுவரில் கையை வைத்தார். சுவர் அதிர்வது உள்ளங்கையில் தெரிந்தது. நான் ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

காரணத்தை அவரே கண்டார். கிரைண்டர் அவர்கள் பக்கத்தில் அதே சுவரோடு ஒட்டி, வெறுந்தரைமேல் நின்றது. காற்றின் வழியே வரும் ஒலியைக் கதவைச் சாத்தித் தடுக்கலாம். தரையிலும் சுவரிலும் ஏறி வரும் அதிர்வைக் கதவு தடுக்காது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை இயந்திரத்தைச் சுவரிலிருந்து இரண்டடி விலக்கி, அடியில் தடித்த ரப்பர் விரிப்பைப் போட்டார். ஓசை முற்றும் நின்றுவிடவில்லை. உறுமல் போலிருந்தது முணுமுணுப்பாயிற்று. எங்கள் பங்குக்கு நாங்களும் கட்டிலை எதிர்ச்சுவர் ஓரமாக மாற்றிப் போட்டோம். ஆறு மணிக்குமேல் அரையுங்கள் என்று நான் கேட்கவில்லை. ஆறு மணிக்குக் கடைகளில் மாவு இருக்க வேண்டும். அது அவர் பிழைப்பு. செய்ய இயலாததைக் கேட்டால், இயலுவதும் கிடைக்காமல் போகும்.

"சட்டம் இருக்கிறதே, நீங்கள் ஏன் இவ்வளவு தணிந்து போக வேண்டும்?" என்று என் பழைய மாணவர் ஒருவர் கேட்டார். சட்டம் இருக்கிறது. இந்திய அரசு 2000ஆம் ஆண்டில் வகுத்த ஒலி மாசு விதிகளின்படி, குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபெல், இரவில் 45 டெசிபெல் என்பது ஒலியின் எல்லை. இரவு என்பது பத்து மணி முதல் காலை ஆறு மணி வரை. அந்த நேரத்தில் திறந்த வெளியில் ஒலிபெருக்கி வைப்பதற்கும் தடை உண்டு; சில விழா நாள்களுக்கு மட்டும் அரசு நள்ளிரவு வரை விலக்கு அளிக்கலாம். இவற்றை மாணவர்கள் அறிந்திருப்பது நல்லது. ஆனால் முதற்பேச்சிலேயே சட்டத்தை எடுத்தால், வேண்டல் விதித்தலாக மாறிவிடும். பிறகு அதை மறுபடி வேண்டலாக்க இயலாது. நயமாகக் கேட்டும், நினைவூட்டியும், பயன் இல்லாதபோது சட்டத்தை நாடுவதில் தவறில்லை. மேலும், ஒருவர் உயிருக்கு ஆபத்தான நேரத்தில் வழி மறிக்கப்பட்டிருந்தால், நயம் பார்த்துக்கொண்டு நிற்கக் கூடாது; உரக்கக் கூப்பிட்டு வழியைத் திறக்க வேண்டும். கேட்டால் கைகலப்புக்கு வருவார் என்று அஞ்சத்தக்க மனிதரிடம் தனியே போகவும் கூடாது. தெருவில் இருவருக்கும் பொதுவான பெரியவர் ஒருவரை உடன் அழைத்துக்கொள்ள வேண்டும்.

நேரிற் கண்டு பேச வாய்ப்பில்லாத இடங்களும் உண்டு. அடுக்குமாடிக் குடியிருப்பில் மேல்வீட்டார் யாரென்றே தெரியாமல் இருக்கலாம். விடுதியில் அடுத்த அறை மாணவர் நீங்கள் உறங்கும் நேரத்தில்தான் வருவார். அத்தகைய இடத்தில் ஒரு சிறு குறிப்பு எழுதலாம். குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில், 'சிலர் இரவெல்லாம் சத்தம் போடுகிறார்கள்' என்று பொதுப்படப் போடுவது நான் ஆட்கள் முன்னிலையில் பேசியதைப் போன்றதே. அங்கே பார்ப்பவர் இருவர் அல்லர், இருநூற்றுவர். குறிப்பு இப்படி இருக்கலாம்:

"அன்புள்ள அண்ணா, நான் அடுத்த அறையில் இருக்கும் இரண்டாம் ஆண்டு மாணவன். எனக்குத் திங்கள் முதல் வியாழன் வரை தேர்வு. அந்த நான்கு நாள் மட்டும் இரவு பத்தரைக்கு மேல் பாட்டைக் காதொலிக் கருவியில் கேட்டால் எனக்கு மிகவும் உதவியாக இருக்கும். என் அறையிலிருந்து உங்களுக்குத் தொந்தரவு ஏதேனும் இருந்தால் அவசியம் சொல்லுங்கள். நன்றி."

கீழே பெயரும் அறை எண்ணும் எழுத வேண்டும். பெயரில்லாத குறிப்பு எத்துணை இனிமையாக இருந்தாலும் மொட்டைக் கடிதம்தான். எழுதியதை மடித்துக் கொடுப்பதற்கு முன் ஒரு சோதனை செய்து பாருங்கள். அக்குறிப்பை அவர் தம் வீட்டார் முன்னிலையில் உரக்கப் படித்தால், அவருக்குத் தலைகுனிவு நேருமா? நேரும் என்றால், அந்தச் சொல்லை நீக்கிவிட்டு மறுபடி எழுதுங்கள். குறிப்பின் கடைசியில், 'என்னால் உங்களுக்குத் தொந்தரவு இருந்தால் சொல்லுங்கள்' என்று இருப்பதை அழகுக்காக எழுதக்கூடாது. உண்மையிலேயே அவர் சொன்னால் நாம் திருத்திக்கொள்ள வேண்டும்.

எனக்கும் அது நேர்ந்தது. ஒலியைப் பற்றிப் பேசிய அன்று, புறப்படும்போது அடுத்த வீட்டுக்காரர் சற்றுத் தயங்கி நின்றார். "ஐயா, தப்பாக நினைக்கக்கூடாது. நீங்கள் மாலையில் செடிக்கு விடும் தண்ணீர் வழிந்து எங்கள் படியில் தேங்கி நிற்கிறது. ஆட்கள் மூட்டையோடு வழுக்குகிறார்கள்" என்றார். நான் அதை ஒரு நாளும் கவனித்ததில்லை. மறுநாளே தொட்டிகளை உள்ளே தள்ளி வைத்தேன்.

உடைந்த சாக்கடை மூடிக்காக நாங்கள் இருவரும் கையெழுத்திட்டு மாநகராட்சிக்கு ஒரு விண்ணப்பம் எழுதினோம். அந்தக் கடிதத்தை எழுதுவது எனக்குப் பழகிய வேலை. மூடியைப் புதிதாக மாற்றிய பிறகு, வண்டி அவருடைய வாசலிலேயே நிற்கத் தொடங்கியது. செவ்வாய், வெள்ளி மட்டுமன்று, எல்லா நாளும் எங்கள் வாசல் திறந்தே இருக்கிறது.